போனஸ் மார்க்: மேலே மட்டும் கூட்டுவதா, கீழேயும் கூட்டுவதா?

கூடுதல் வேலை ஒன்று கொடுத்து, செய்தால் 20 மார்க் என்று வகுப்பில் அறிவித்தாயிற்று. பிள்ளைகளும் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பதிவேட்டைத் திறந்ததும்தான் கேள்வி எழுகிறது. இந்த 20-ஐப் பெற்ற மதிப்பெண்ணோடு மட்டும் சேர்ப்பதா, மொத்த மதிப்பெண்ணையும் 20 ஏற்றிவிடுவதா? கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், தொகுதியில் மட்டுமா, பகுதியிலுமா? ஆசிரியர்கள் பலர் இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு பக்கமும் சேர்த்தால்தானே நியாயம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஒரு பருவத்தின் நடுவில் எக்செல் ஷீட்டில் போனஸுக்கு ஒரு பத்தியைச் சேர்த்தேன். மேல் வரிசையில் உச்ச மதிப்பெண் 20 என்று போட்டேன், கூட்டல் சூத்திரத்தைப் புதுப் பத்தி வரைக்கும் நீட்டினேன், பட்டியலை ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி நோட்டுடன் வந்து நின்றாள். "சார், அந்த வேலையை நான் செய்யவே இல்லை. போன வாரம் எனக்கு 85 சதவீதம் இருந்தது, இப்போ 80.95 ஆகியிருக்கு. நடுவுல பரீட்சை எதுவும் வரலையே?" 340-ஐ 420-ஆல் வகுத்து, வகுத்தல் முழுவதையும் நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். 420 எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. விருப்பம் இருந்தால் செய்யுங்கள் என்று சொன்ன வேலைக்காக, செய்யாதவர்களிடமிருந்து 4 சதவீதத்தைப் பிடுங்கியிருந்தேன்.

அதே எண்களை வைத்தே எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நான்கு தேர்வுகள், ஒவ்வொன்றும் 100, ஆக மொத்தம் 400. மூன்று பேரும் 340 வாங்கியவர்கள், அதாவது 85 சதவீதம். போனஸ் வேலைக்கு 20. ஒருவர் அதைச் செய்யவில்லை, இன்னொருவர் செய்து 12 வாங்கினார், மூன்றாமவர் முழு 20-ஐயும் வாங்கினார்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, செய்யாதவர் எதையும் இழக்கக் கூடாது. அறிவிப்புக்கு முன் 85 என்றால் அறிவிப்புக்குப் பின்னும் 85 இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் அதற்குப் பெயர் போனஸே இல்லை, இன்னொரு கட்டாய வேலை.

இரண்டாவது, செய்தவர் செய்த காரணத்தால் இழக்கக் கூடாது. முயற்சி செய்து 20-க்கு 12 வாங்கியவர், சும்மா இருந்தவரைவிடக் கீழே போனால் அந்தக் கணக்கில் கோளாறு இருக்கிறது.

மூன்றாவது, எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். "இதை முழுசாச் செய்தால் மொத்தத்தில் எனக்கு எவ்வளவு கூடும் சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்ல வர வேண்டும். வெளியே தெரியாத செலவு பெரும்பாலும் இதில்தான் ஒளிந்திருக்கிறது.

நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பேன். கடைசியில் வரும் சதவீதம் பாடத்தை எவ்வளவு கற்றார் என்பதைத்தான் காட்ட வேண்டும், போனஸ் அதை மூடி மறைத்துவிடக் கூடாது. இது எந்த வழி என்பதைவிட போனஸின் அளவைப் பொறுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

## வழி 1: மேலே மட்டும் கூட்டுவது

பெற்ற மதிப்பெண்ணோடு போனஸைச் சேர்க்கிறோம், மொத்தம் 400 அப்படியே நிற்கிறது. செய்யாதவருக்கு 340/400, அதே 85. 12 வாங்கியவருக்கு 352/400, 88. முழுதும் வாங்கியவருக்கு 360/400, 90. முதல் இரண்டு அளவுகோல்களும் தாமாகவே நிறைவேறிவிடுகின்றன, ஏனென்றால் கீழே உள்ள எண் அசையவில்லை, மேலே உள்ளது ஏறத்தான் முடியும்.

மூன்றாவதுக்கும் பதில் எளிது. போனஸை மொத்தத்தால் வகுத்தால் போதும்: 20/400, அதிகபட்சம் 5 சதவீதப் புள்ளி. 60-இல் இருப்பவருக்கும் 5, 90-இல் இருப்பவருக்கும் 5. எல்லோருக்கும் ஒரே ஏற்றம் என்பதால் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு அளவில்தான். 20 என்பது 400-இல் ஒன்றுமில்லை போலத் தெரியும், ஆனால் பருவம் முழுக்க அப்படி ஐந்து வேலைகள் கொடுத்தால் அது 100 மார்க், அதாவது 25 புள்ளி. 60 சதவீதம் பாடம் தெரிந்தவர் 85-இல் போய் உட்காருவார். கீழே எதுவும் ஏறாததால் இந்த வழியில் போனஸின் பலம் கரையவே கரையாது. அதனால் முதலிலேயே ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் பருவம் முழுவதற்கும் போனஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன். இது என் பழக்கம், விதி ஒன்றும் இல்லை. ஆனால் ஏதோ ஓர் எண்ணை எழுதிவைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது 100-ஐத் தாண்டும் சங்கடம். 395 வாங்கியவர் 20 போனஸும் வாங்கினால் 415/400, அதாவது 103.75. விடலாமா, 100-இல் நிறுத்தலாமா? இரண்டுமே சரிதான், ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். முன்னணியில் இருக்கும் பிள்ளை ராத்திரி கண் விழித்து அந்த வேலையைச் செய்த பிறகு "உனக்கு 100-க்கு மேல் கிடையாதும்மா" என்று சொல்வது நியாயமில்லை.

விருப்ப வேலை என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் இதுதான் சரியான வழி. விதிவிலக்கு உண்டு என்றால் அது அளவு கைமீறிய இடங்களில்தான்.

## வழி 2: எல்லோருக்கும் மேலேயும் கீழேயும்

நான் தெரியாமல் செய்தது இதைத்தான். மொத்தம் எல்லோருக்கும் 420 ஆகிறது. செய்யாதவர் 340/420, 80.95. 12 வாங்கியவர் 352/420, 83.81. முழு 20-ஐயும் வாங்கியவர் 360/420, 85.71.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பிழைகூட இல்லாமல் முழுதாகச் செய்த பிள்ளைக்கு ஒரு புள்ளிகூட முழுசாக ஏறவில்லை, 0.71 தான். 12 வாங்கியவர் செய்தும் 85-இலிருந்து இறங்கியிருக்கிறார். இறங்காமல் இருக்க வேண்டுமானால், ஏற்கனவே இருக்கும் சதவீதத்தையாவது அந்த வேலையில் எடுக்க வேண்டும். 20-இல் 85 சதவீதம் 17. ஆக 17 வாங்கினால் 357/420, சரியாக 85, இருந்த இடத்திலேயே நிற்கலாம். 16 என்றால் இறக்கம். இப்படி நடந்துகொள்ளும் வேலை சாதாரண ஐந்தாவது தேர்வுதான், அதற்கும் இதற்கும் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை.

"ரெண்டு பக்கமும் சேர்ப்பதுதானே நியாயம்" என்ற எண்ணம் ஏன் வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. சாதாரணத் தேர்வுகளை அப்படித்தான் கூட்டிப் பழகியிருக்கிறோம். 50-க்கு 41 என்றால் மேலே 41, கீழே 50. ஆனால் அங்கே கீழே சேர்ப்பதற்குக் காரணம், அந்த 50-ஐ எல்லோரிடமும் எதிர்பார்க்கிறோம் என்பது. கீழே உள்ள எண் எதிர்பார்ப்பின் அளவு. போனஸில் எதிர்பார்ப்பு இல்லை, அதனால் கீழே அதற்கு இடமும் இல்லை.

இந்த வழி சரியாக அமையும் சூழல் உண்டு: வேலை உண்மையிலேயே எல்லோருக்கும் என்றால். பருவத்தின் நடுவில் பாடம் ஒன்று கூடியது, அதற்கு ஒரு மதிப்பீடு வைக்க வேண்டியிருக்கிறது என்றால் தாராளமாக இரண்டு பக்கமும் சேருங்கள். ஆனால் அப்போது "போனஸ்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், தேதியும் அவகாசமும் எல்லோருக்கும் கொடுங்கள்.

## வழி 3: செய்தவருக்கு மட்டும் கீழேயும்

இது பார்வைக்கு மிகவும் நியாயமாகத் தெரியும், அதனால்தான் இதில் விழுகிறவர்கள் அதிகம். செய்யாதவரின் மொத்தம் 400-ஆகவே இருக்கிறது, 85. செய்தவர்களுக்கு மட்டும் 420. முதல் அளவுகோல் தேறியது. ஆனால் 12 வாங்கியவரைப் பாருங்கள், 83.81. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர் 85. வேலை செய்தவர் கீழே போய்விட்டார்.

இதனால் வேறொன்றும் நடக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சீக்கிரமே கணக்குப் போட்டுவிடுவார்கள். 95 சதவீதத்தில் இருப்பவர் 20-க்கு 19 வாங்கினாலும் அதே இடம்தான், அதற்கு மேல் இன்னும் ஒரு மார்க் தவறினால் இறக்கம். அவர் ஏன் தொடப்போகிறார்? 60-இல் இருப்பவருக்கோ 12-க்கு மேல் எது வாங்கினாலும் லாபம். பின்தங்கியவர்களைத் தூக்கிவிடுவதுதான் நோக்கம் என்றால் இது ஓரளவு உதவும், ஆனால் அவர்களிலும் சுமாராகச் செய்தவர் அடிபடுவார்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனஸ் சேர்க்காமல் ஒரு கணக்கு, சேர்த்து ஒரு கணக்கு போட்டு, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வது. அப்போது 12 வாங்கியவர் 85-இலேயே நிற்பார், 20 வாங்கியவர் 85.71. யாரும் இழக்கமாட்டார்கள். ஆனால் "செய்தால் எவ்வளவு கூடும்" என்பதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பதில் வரும்.

இந்த வழியின் இன்னொரு செலவு வெற்றுக் கட்டம். செய்யாதவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். எங்காவது உதவிக்கு வந்தவர் "காலியா இருக்கே" என்று 0 போட்டுவிட்டால், பதிவேடு அதைச் செய்து பூஜ்யம் வாங்கியதாக எடுத்துக்கொள்ளும், நேராக வழி 2-க்கு வந்துவிடுவோம். பட்டியல் கைமாறும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

## வழி 4: வாங்கிய அளவை மட்டும் இரண்டிலும்

12 வாங்கினால் மேலேயும் 12, கீழேயும் 12. அதாவது 352/412, 85.44. 20 வாங்கினால் 360/420, 85.71. யாரும் இறங்கமாட்டார்கள், யாரும் 100-ஐத் தாண்டவும் மாட்டார்கள். கீழே இருப்பவருக்குக் கொஞ்சம் அதிகம் ஏறும்: 240/400 எடுத்தவர் முழுதும் செய்தால் 60-இலிருந்து 61.90, 380 எடுத்தவருக்கு 95-இலிருந்து 95.24. ஆனால் ஏற்றம் இவ்வளவு சொற்பமாக இருப்பதால், ஒரு வார வேலைக்கு இதைக் கொடுத்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதற்கு இரண்டு மார்க், மூன்று மார்க் என்று அவ்வப்போது கொடுப்பவர்களுக்கு இது பொருந்தும், எத்தனை சேர்ந்தாலும் வரம்பு மீறாது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

| வழி | செய்யாதவர் | 12 வாங்கியவர் | 20 வாங்கியவர் |
|---|---|---|---|
| மேலே மட்டும் | 85 | 88 | 90 |
| எல்லோருக்கும் இரண்டிலும் | 80.95 | 83.81 | 85.71 |
| செய்தவருக்கு மட்டும் இரண்டிலும் | 85 | 83.81 | 85.71 |
| வாங்கியதை மட்டும் இரண்டிலும் | 85 | 85.44 | 85.71 |

## பிரிவுகளுக்கு வெயிட்டேஜ் இருந்தால்

இதுவரை எல்லா மார்க்கும் ஒரே குவியலில் இருந்தது. பலரும் அப்படி வைப்பதில்லை. வீட்டுப்பாடத்துக்கு 20 சதவீதம், தேர்வுக்கு 80 சதவீதம் என்று பிரித்திருப்பார்கள். அங்கே மேலே மட்டும் கூட்டுவது என்று முடிவு செய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எந்தப் பிரிவின் மேலே?

வீட்டுப்பாடம் மொத்தம் 80 மார்க், தேர்வுகள் மொத்தம் 200 மார்க் என்று வைப்போம். 10 மார்க் போனஸை வீட்டுப்பாடத்தில் சேர்த்தால் 10/80-ஐ 20-ஆல் பெருக்க வேண்டும், மொத்தத்தில் 2.5 புள்ளி. அதே 10-ஐத் தேர்வில் சேர்த்தால் 10/200-ஐ 80-ஆல் பெருக்குகிறோம், 4 புள்ளி. மார்க் ஒன்றுதான், இடம் மாறியதும் பலன் மாறிவிடுகிறது. அதனால் "10 மார்க் போனஸ்" என்று அறிவித்தால் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. "மொத்தத்தில் 2.5 சதவீதம் வரை கூடும்" என்று அறிவிப்பதுதான் முழு அறிவிப்பு.

இதில் காலமும் ஒரு விளையாட்டு காட்டும். பருவத் தொடக்கத்தில் வீட்டுப்பாடப் பிரிவில் ஒரே ஒரு 20 மார்க் வேலைதான் இருக்கிறது. அதில் 18 வாங்கியவர் 10 போனஸும் வாங்கினால் 28/20, திரையில் 140 சதவீதம் என்று நிற்கும். மொத்தத்தில் 10 புள்ளி ஏறியது போலத் தெரியும். வாராவாரம் கீழே 40, 60, 80 என்று ஏற ஏற அந்த 10 புள்ளி சுருங்கி 2.5-க்கு வந்து நிற்கும். பிள்ளை ஒவ்வொரு வாரமும் நன்றாகச் செய்தும் சதவீதம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோர் கேட்டு வருவார்கள். கணக்கில் தப்பில்லை, ஆனால் அந்தப் பயம் தேவையில்லாதது. போனஸை ஒரு தனித்தாளில் குறித்துவைத்துக்கொண்டு பருவக் கடைசியில் சேர்த்தால் இந்தத் தொல்லை வராது.

வரம்பை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டுப்பாடத்தில் 78/80 எடுத்தவர் 10 போனஸ் வாங்கினால் 88/80, 110 சதவீதம், மொத்தத்துக்கு 22 புள்ளி தருகிறது. பிரிவிலேயே 100-இல் நிறுத்தினால் 20 தான், அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. பிரிவில் விட்டுவிட்டுக் கடைசி மொத்தத்தில் மட்டும் நிறுத்தினால், வீட்டுப்பாடத்தில் மிஞ்சியது தேர்வில் விட்டதைச் சரிக்கட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், நன்றாகச் செய்பவருக்கும் அதில் ஒரு பலன் இருக்கிறது.

சிலர் போனஸுக்கென்று 5 சதவீதத்தில் தனிப் பிரிவு ஒன்று திறப்பார்கள், மொத்த வெயிட்டேஜ் 105 ஆகும். யோசனை நல்லதுதான். ஆனால் பதிவேடு என்ன செய்கிறது என்று பாருங்கள். வெயிட்டேஜ் கூட்டுத்தொகையால் வகுத்துச் சமன்செய்யும் பதிவேடாக இருந்தால், போனஸ் செய்யாத 85 சதவீதக்காரருக்கு 85-ஐ 105-ஆல் வகுத்து 80.95 காட்டும். அந்த மாணவி நோட்டில் வகுத்துக் கொண்டுவந்த அதே எண். வேறு வாசல் வழியாக வழி 2 உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

## ஷீட்டில் எங்கே பிசகுகிறது

B முதல் E வரை நான்கு தேர்வுகள், F-இல் போனஸ், முதல் வரிசையில் உச்ச மதிப்பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போட்ட தவறான சூத்திரம் இது:

```
=SUM(B2:F2)/SUM(B$1:F$1)
```

சரியானது இது:

```
=SUM(B2:F2)/SUM(B$1:E$1)
```

ஓர் எழுத்துதான் வித்தியாசம். சூத்திரத்தைத் தொட மனமில்லை என்றால் F1 கட்டத்தில் 20-க்குப் பதில் 0 போட்டாலும் அதே பலன். ஆனால் பிறகு வேறொருவர் வந்து "உச்ச மதிப்பெண் விட்டுப்போயிருக்கு" என்று 20-ஐ நிரப்பிவிடும் அபாயம் உண்டு, அதனால் நான் சூத்திரத்தைத்தான் திருத்துவேன். 100-இல் நிறுத்த வேண்டுமானால் முழுதையும் `MIN(1, ...)` என்பதற்குள் போட்டுவிடலாம்.

குறைந்த மார்க் ஒன்றை விட்டுவிடும் வழக்கம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். `MIN(B2:F2)` என்று எழுதினால், 92, 88, 61, 90 வாங்கி போனஸில் 12 வாங்கியவருக்கு எதை விடும்? 61-ஐ அல்ல, 12-ஐ. போனஸ் 20-க்குத்தானே, அது பெரும்பாலும் வரிசையிலேயே சின்ன எண்ணாகத்தான் இருக்கும். பிள்ளை போனஸையும் இழந்து, விட வேண்டிய 61-ஐயும் சுமப்பார். குறைந்ததைத் தேடும் வரம்பு E-யோடு நிற்க வேண்டும்.

இணையத்தில் தேர்வு வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. Moodle-இல் வினாடிவினாவில் 50 மார்க் கேள்விகளோடு 5 மார்க் போனஸ் கேள்வி ஒன்றைச் சேர்த்தால், கேள்விகளின் மொத்தம் 55 ஆகிவிடும். "Maximum grade"-ஐ 50 என்று வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அது வாங்கிய மார்க்கை 55-க்குக் கணக்கிட்டு அப்புறம் 50-க்குச் சுருக்கித் தரும், போனஸ் கேள்வியைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் சரியாக எழுதியவருக்கு 45.45 தான் வரும். போனஸைத் தனி உருப்படியாக வைத்து, மதிப்பெண் அமைப்பில் அதற்கு "Extra credit" என்பதை டிக் செய்தால் அதன் உச்ச மதிப்பெண் பிரிவின் மொத்தத்தில் சேராது.

எந்தப் பதிவேடாக இருந்தாலும் பிசகு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு பொய்ப் பெயர்கள் போதும். ஒருவருக்கு எல்லாத் தேர்விலும் முழு மார்க், போனஸ் 0. அவருக்கு 100 வர வேண்டும். 95.24 வந்தால் கீழே 420 இருக்கிறது என்று பொருள். இன்னொருவருக்கு 85 சதவீதமும் போனஸில் 1 மார்க்கும் கொடுங்கள். அவருக்கு 85-க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும், இறங்கினால் வழி 2 அல்லது 3 எங்கோ ஒளிந்திருக்கிறது. என் ஷீட்டின் கடைசி இரண்டு வரிசைகளில் இவர்கள் இருவரும் பருவம் முழுக்க நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

## வகுப்போடு ஒப்பிட்டுத் தரம் போட்டால்

வகுப்பில் அதிகபட்சம் வாங்கியவரை 100-ஆக வைத்து மற்றவர்களை ஏற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கே மேலே மட்டும் கூட்டினாலும் செய்யாதவர் அடிபடுவார். முதலிடம் 390 என்றால் 340 வாங்கியவருக்கு 340/390, 87.18. முதலிடம் போனஸ் வாங்கி 410-க்குப் போய்விட்டால் 340/410, 82.93. போனஸைத் தொடாதவர் இன்னொருவரின் போனஸால் 4 புள்ளிக்கு மேல் இழக்கிறார். முதலில் போனஸ் இல்லாத மார்க்கை வைத்து ஏற்றத்தையும் தர எல்லைகளையும் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு போனஸைச் சேர்த்தால் இது நடக்காது. வரிசைதான் இங்கே எல்லாம்.

## ஏற்கனவே இரண்டிலும் கூட்டி ஒட்டிவிட்டவர்களுக்கு

பருவத்தின் நடுவில் வழி 2-இலிருந்து வழி 1-க்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். மாறலாம், தயங்க வேண்டாம். கீழே 420-இலிருந்து 400-க்கு இறங்குகிறது, மேலே எதுவும் மாறவில்லை, அதனால் ஒருவருக்குக்கூட சதவீதம் குறையாது. எல்லோருக்கும் ஏறும். புகார் சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. எதிர்த் திசையில், வழி 1 என்று அறிவித்துவிட்டுப் பிறகு வழி 2-க்குப் போகவே கூடாது, அதில் எல்லோருக்கும் இறங்கும்.

நான் அன்றைக்கு F என்ற எழுத்தை E ஆக்கிவிட்டுப் பட்டியலை மறுபடியும் ஒட்டினேன். வகுப்பில் என்ன தவறு செய்தேன் என்பதை அந்த மாணவியின் வகுத்தலையே கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அதிலிருந்து போனஸ் வேலை கொடுக்கும்போதெல்லாம் தாளின் மேலேயே இப்படி எழுதிவிடுகிறேன்: "இது விருப்ப வேலை. செய்யாவிட்டால் உங்கள் சதவீதம் மாறாது. முழுதும் சரியாகச் செய்தால் மொத்தத்தில் 5 புள்ளி கூடும், பாதி செய்தால் அதற்கேற்ற பாதி. கடைசிச் சதவீதம் 100-ஐத் தாண்டாது."